ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம்: வரிசை வீட்டு வரவேற்பறையை ஏ.ஐ. படமாக்க பிராம்ப்ட் எழுதும் முறை

தெப்ராவ் - தீபாவளிக்கு முன் வரவேற்பறைக்குப் புதுச் சாயம் பூச நினைப்பவர்கள், வாடகைக்கு விடுமுன் வீட்டை ஒழுங்குபடுத்துபவர்கள், சிறிய அளவில் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்பவர்கள் எனப் பலரும் இப்போது முதலில் நாடுவது படம் உருவாக்கும் ஏ.ஐ. செயலிகளைத்தான். நான்கு சொற்களைத் தட்டினால் அரை நிமிடத்தில் அழகான ஒரு ஹால் திரையில் வந்து நிற்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். படத்தில் உள்ள வெளிச்சம் தெப்ராவ் வீடு எதிலும் இருக்க முடியாத வெளிச்சம். அதைப் பார்த்து அடர்நிறச் சாயத்தைத் தேர்ந்தெடுப்பவரின் ஹால், வேலை முடிந்த பிறகு பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இடமாகிவிடும்.

நம்பத்தகுந்த படம் கிடைக்க வேண்டுமானால், பிராம்ப்டில் நிழலைக் கேட்டால் போதாது. வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நிழல் என்பது அந்த வழியின் விளைவு. ஆகவே பிராம்ப்ட் எழுதத் தொடங்கும் முன் வீட்டையே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

வரிசை வீட்டுக்குள் வெளிச்சம் வரும் வழி

தாமான் டேசா தெப்ராவ், தாமான் மவுண்ட் ஆஸ்டின் போன்ற குடியிருப்புகளில் வரிசை வீடுகளைப் பரவலாகக் காணலாம். எடுத்துக்காட்டுக்கு 20 அடி அகலமுள்ள ஒரு மாடியில்லா வரிசை வீட்டை வைத்துக்கொள்வோம். மூலை வீடு அல்ல, நடுவிலுள்ள வீடு. அதன் இடச்சுவரும் வலச்சுவரும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்பவை. அவற்றில் ஜன்னல் வைக்க வழியில்லை. வரவேற்பறைக்கு வெளிச்சம் வருவது முன்சுவர் வழியாக மட்டுமே. அங்கே ஒரு கண்ணாடிக் கதவோ, கிரில் போட்ட ஜன்னலோ இருக்கும். அதற்கு வெளியே காரை நிறுத்தும் போர்ச், அதன் மேல் கூரை.

இந்தக் கூரைதான் கணக்கை மாற்றுகிறது. தெப்ராவ் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தலைக்கு மேலேயோ அதற்குச் சற்றுப் பக்கத்திலோதான் நிற்கும். நம் கடிகாரத்தில் அந்த நேரம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வரும். அந்நேரத்து வெயில் சாய்ந்து ஹாலுக்குள் நீளாது.

வீடு கிழக்கு பார்த்தது என்றால் காலையில் வெயில் வருமே என்று கேட்கலாம். காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும். போர்ச் கூரை 18 அடி நீண்டு, அதன் விளிம்பு 9 அடி உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், விளிம்பைத் தொட்டு இறங்கும் கதிர் 18 அடி தூரத்தைக் கடப்பதற்குள் 10 அடி கீழே இறங்க வேண்டும். அதாவது முன்சுவரை எட்டும் முன்பே அது போர்ச் தரையில் விழுந்துவிடும். எட்டு மணியளவில், சூரியன் இன்னும் தாழ்வாக இருக்கும்போது மட்டும், ஜன்னலின் கீழ்ப்பகுதி வழியே கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். மேற்கு பார்த்த வீட்டிலும் இதே கதைதான். அங்கே அது மாலை ஆறு மணிக்கு நடக்கும்.

ஆக, பகலின் பெரும்பகுதியில் இந்த ஹாலுக்குள் வருவது நேரடி வெயில் அல்ல. வானத்தின் வெளிச்சமும், போர்ச்சின் சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும்தான். தரையிலிருந்து எழும் இந்த வெளிச்சம் மேல்நோக்கிச் செல்வதால், ஜன்னலோரக் கூரைப் பகுதி சற்றுப் பளிச்சென்று தெரியும். தரை முழுவதும் பொன்னிறக் கோடுகளாக வெயில் விழும் ஏ.ஐ. படத்தை இந்த வீட்டுக்காரர் நம்ப மறுப்பது இதனால்தான். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது தன் வீடு இல்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

மென்மையான நிழல் எப்படி உண்டாகிறது

வெளிச்சம் தரும் பொருள் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு நிழலின் ஓரம் மங்கும். சூரியன் மிகப் பெரியதானாலும் வெகு தொலைவில் இருப்பதால், நமக்கு அரைப் பாகை அகலமே தெரிகிறது. அதனால் வெயிலில் நிற்கும் நாற்காலியின் கால், ஓர் அடி தள்ளி விழும் நிழலிலும் கத்தி போன்ற ஓரத்தைக் காட்டும். அங்கே மங்கல் பகுதி சுமார் 3 மில்லிமீட்டர்தான்.

நேரடி வெயில் இல்லாத ஹாலில் நிலைமை வேறு. அங்கே ஜன்னலே விளக்காகிவிடுகிறது. ஜன்னல் 4 அடி அகலம், மேசை அதிலிருந்து 6 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேசைக் காலுக்கு ஓர் அடி பின்னால் விழும் நிழலில் மங்கல் பகுதி நான்கில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 8 அங்குலம். கால் 2 அங்குலத் தடிப்பு என்றால், அதன் முழு இருட்டான நிழல் காலடியிலிருந்து சுமார் 3 அங்குலம் வரைதான் இருக்கும். அதற்கப்பால் அது தரையின் நிறத்தோடு கரைந்துவிடும்.

மென்மையான நிழல் என்றால் நிழல் எங்கும் ஒரே மாதிரி வெளுத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பல ஏ.ஐ. படங்களும் அப்படித்தான் வரைகின்றன. உண்மையில் பொருள் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இருட்டாகவும் கூர்மையாகவும் இருக்கும். விலக விலக மங்கும். இந்தத் தொடு நிழல் இல்லாத படத்தில் சோபா தரைக்கு மேல் மிதப்பது போலத் தோன்றும்.

நான்கு சொல் பிராம்ப்ட் ஏன் தோற்கிறது

பொதுவாக எழுதப்படும் பிராம்ப்ட் இப்படி இருக்கும்:

```
cozy small living room, natural light,
soft shadows, photorealistic
```

படம் உருவாக்கும் மாதிரிகள் வெளிச்சத்தின் பாதையைக் கணக்கிடுவதில்லை. தங்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்ட ஏராளமான படங்களில் எந்தச் சொல்லோடு எந்தத் தோற்றம் சேர்ந்து வந்தது என்பதைக் கற்று, அதற்கேற்ப ஒரு புதுப் படத்தைத் தருகின்றன. மேலே உள்ள சொற்களோடு அதிகம் சேர்ந்து வருபவை வீட்டு அலங்கார இதழ்களின் படங்கள். ஆகவே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, இரண்டு பக்கமும் ஜன்னல், மரத்தரை, தாழ்ந்த சூரியன் என்று குளிர்நாட்டு வீடு ஒன்று வந்து நிற்கும். இருபுறமும் வெளிச்சம் வருவதால் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதும் குழம்பிவிடும்.

இந்தக் குழப்பம் ஆய்வாளர்களின் கண்ணிலும் பட்டிருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் போலிப் படங்களைக் கண்டறியும் துறையில் பணியாற்றும் ஹேனி ஃபரீட், 2022-இல் டால்-ஈ 2 உருவாக்கிய படங்களின் கோணம், நிழல், பிரதிபலிப்பு ஆகியவற்றை ஆராய்ந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத் தெரியும் நிழல்கள், கோடு போட்டுப் பார்க்கும்போது ஒரே விளக்கைச் சுட்டவில்லை. அதன்பின் வந்த மாதிரிகள் முன்னேறியிருந்தாலும், சோதிக்காமல் நம்பக் கூடாத இடம் இன்றும் நிழல்தான்.

பிராம்ப்டைக் கட்டும் வரிசை

முதலில் கேமரா எங்கே நிற்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். ஜன்னலை நேரே பார்த்து நின்றால் ஜன்னல் வெளுத்து, பொருள்கள் கறுத்துவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் எல்லாமே தட்டையாகத் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் ஒவ்வொரு பொருளிலும் ஒளிப்பக்கம், நிழல்பக்கம் என்று இரண்டும் தெரியும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர், தம் உள்ளறை ஓவியங்கள் பலவற்றிலும் ஜன்னலை இடப்பக்கம் வைத்தே வரைந்தார். நம் வரிசை வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு. ஒரு பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தால், முன்சுவர் ஜன்னல் தானாகவே இடப்பக்கமோ வலப்பக்கமோ வந்துவிடும்.

அடுத்தது அறையின் அளவு. மாதிரிகளுக்கு அடிக்கணக்கு அவ்வளவாகப் பிடிபடாது. 12 அடி என்று எழுதினாலும் பெரிய மண்டபம் வரலாம். அளவைப் பொருள்களால் சொல்வது பலன் தரும். இரண்டு பேர் அமரும் சோபா சுவரை ஏறக்குறைய நிரப்புகிறது என்று எழுதினால் அறை தானாகச் சுருங்கும். லென்சும் முக்கியம். 16 மில்லிமீட்டர் லென்ஸ் சிறிய அறையையும் விரித்துக் காட்டும். வீட்டு விற்பனை விளம்பரங்களில் இது வழக்கம். 28 மில்லிமீட்டர் என்று கேட்டால் கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமாக வரும்.

மூன்றாவது ஜன்னல். எத்தனை, எந்தப் பக்கம், வெளியே என்ன இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது ஆகிய நான்கையும் சொல்ல வேண்டும். அறைக்குள் விளக்கு எரியவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி மஞ்சள் விளக்கொன்றைத் தானே பொருத்தி இன்னொரு நிழலை உண்டாக்கிவிடும்.

கடைசியாகத்தான் நிழல். மென்மையான நிழல் என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பக்கம் விழுகிறது, எங்கே இருட்டு, எங்கே மங்கல் என்று சொல்ல வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால் பிராம்ப்ட் இப்படி அமையும்:

```
Photo of a small living room, single-storey
Malaysian terrace house. One window only, on the
left, iron grille, thin white curtain. Daylight
from a shaded car porch, cloudy mid-morning,
ceiling light off. Eye level, 28mm lens, facing a
plain cream wall. Two-seater sofa nearly fills
the wall, low wooden table, pale tiles.
Shadows fall to the right, dark where legs touch
the floor, blurring quickly. Right corner dimmer.
```

ஆங்கிலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரிகள் பலவற்றின் பயிற்சியில் ஆங்கிலக் குறிப்புகளே மிகுதி. ஜன்னலை இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்ததற்கும் காரணம் உண்டு. 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் ஏறக்குறைய 75 சொற்கூறுகளை மட்டுமே ஒரு முறையில் படிக்கும். அதற்கு மேல் எழுதுவது வெட்டப்படலாம். புதிய மாதிரிகள் நீண்ட பிராம்ப்டைப் படிக்கின்றன என்றாலும், முக்கியமானதை முன்னே வைப்பது எதிலும் நட்டமில்லை.

வேண்டாதவற்றை எழுதும்போது கவனம் தேவை. விளக்கு வேண்டாம் என்று வாக்கியத்தில் எழுதினால், சில மாதிரிகள் விளக்கு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே வரைந்துவிடும். ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயன்படுத்தும் செயலிகளில் இதற்கென்று `Negative prompt` என்ற தனிப்பெட்டி இருக்கும். மிட்ஜர்னியில் பிராம்ப்டின் கடைசியில் இப்படிச் சேர்க்கலாம்:

```
--no lamp, sun rays, second window --ar 3:2
```

வந்த படத்தைச் சோதிப்பது

படம் வந்ததும் அழகைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். சோபாக் கால், மேசைக் கால், பூச்சாடி என மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடத்திலிருந்து அதன் நிழல் போகும் திசையில் விரலை நகர்த்தலாம். மூன்றும் ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக விலகிச் செல்ல வேண்டும். ஒன்று மட்டும் ஜன்னலை நோக்கி விழுந்தால், படத்தில் தெரியாத இன்னொரு விளக்கை மாதிரி கற்பனை செய்திருக்கிறது.

அடுத்து வெளிச்சத்தின் இறக்கம். ஒரே ஜன்னல் உள்ள அறையில், ஜன்னலோரச் சுவரிலிருந்து மறுமூலைக்குப் போகப் போக வெளிச்சம் தெளிவாகக் குறைய வேண்டும். சுவர் முழுவதும் ஒரே பளபளப்பு என்றால் அது ஒற்றை ஜன்னல் அறையாக இருக்க முடியாது. அதற்காக மறுமூலை கறுத்துவிடவும் கூடாது. வெளிர் சுவரும் வெளிர் தரையும் வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவதால், மூலையிலும் பொருள்களின் வடிவம் தெரியும்.

நம் வீடுகளில் தனியாகப் பார்க்க வேண்டியது ஓடு பதித்த தரை. பளபளக்கும் ஓட்டில் ஜன்னலின் பிரதிபலிப்பு பளிச்சென்று விழும். மேசைக் காலின் பிரதிபலிப்பும் தெரியும். பிரதிபலிப்பு எப்போதும் பார்ப்பவரை நோக்கி நேராகக் கீழே வரும். நிழலோ ஜன்னலிலிருந்து விலகிப் பக்கவாட்டில் போகும். மாதிரிகள் இவ்விரண்டையும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. மேசைக்குக் கீழே ஒரே ஒரு கறுப்புத் திட்டு பார்ப்பவரை நோக்கி நீண்டிருந்தால் அது நிழலா பிரதிபலிப்பா என்று சொல்ல முடியாது. பிராம்ப்டில் `pale tiles` என்பதை `matte pale tiles` என்று மாற்றினால், பிரதிபலிப்பு அடங்கி நிழல் மட்டும் நிற்க வாய்ப்பு அதிகம்.

பிழை தெரிந்தால் பிராம்ப்ட் முழுவதையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் மாதிரி வேறொரு தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்குவதால், எந்த மாற்றம் எதைத் திருத்தியது என்று தெரியாமல் போய்விடும். அந்தத் தொடக்கப் புள்ளிக்கு `seed` என்று ஓர் எண் உண்டு. எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகி, ஒரு காலின் தொடு நிழல் மட்டும் இல்லையென்றால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மீண்டும் வரைய வைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது.

படம் சொல்லாதது

இவ்வளவு செய்தாலும் படம் ஓர் அளவீடு அல்ல. இந்தச் சாயத்தைப் பூசினால் ஹால் எவ்வளவு இருட்டும் என்று அதால் சொல்ல முடியாது. அதற்கு வெளிச்சக் கதிர்களை உண்மையாகவே கணக்கிடும் மென்பொருள் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் அவற்றில் ஒன்று. ஆனால் அதில் அறையை அளந்து கட்ட வேண்டும். கூரையின் நீளம், ஜன்னலின் உயரம் எல்லாம் உண்மை எண்களாக உள்ளே போக வேண்டும்.

அந்த வேலைக்கு நேரமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பொருள்களைக் கொஞ்சம் ஒதுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, காலை பத்து மணிக்குத் தன் ஹாலையே கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதை மாதிரிக்கு அடிப்படைப் படமாகக் கொடுக்கலாம். சுவரின் நிறத்தையும் சோபாவையும் மட்டும் மாற்று, ஜன்னலையும் வெளிச்சத்தையும் அப்படியே வை என்று எழுதலாம். வெளிச்சம் உண்மையான வீட்டிலிருந்து வருவதால், மாதிரி கற்பனை செய்ய வேண்டியது குறைகிறது. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையில் அடர்நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கி அறை முழுவதையும் மங்கலாக்கும். மாதிரி பெரும்பாலும் சுவரின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு, தரையையும் கூரையையும் பழைய பளபளப்பிலேயே விட்டுவிடும்.

வாடிக்கையாளருக்குப் படம் காட்டும் அலங்காரத் தொழில் செய்பவர்கள், அது ஏ.ஐ. உருவாக்கியது என்றும், எந்த நேரத்து வெளிச்சத்தை எண்ணி எழுதப்பட்டது என்றும் படத்தின் கீழே ஒரு வரி குறித்துவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். சாயத்தைப் பொறுத்தவரை கடைசி முடிவு திரையில் இல்லை. ஓர் அட்டையில் அந்தச் சாயத்தைப் பூசி, ஜன்னலுக்கு எதிர் மூலையில் ஒட்டி, காலை ஒன்பது, பிற்பகல் ஒன்று, மாலை ஐந்து என மூன்று நேரத்தில் விளக்கில்லாமல் பார்த்தால் போதும். படத்தில் அந்த மூலை எப்படித் தெரிந்தது என்பதோடு ஒப்பிட்டால், வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.